இயந்திரம், நிறுவல், "இலவச" பராமரிப்பு: 1,170 ஒப்பந்தத்தில் எந்த மாதம் எவ்வளவு வருவாய்?

முகில்

வணக்கம். ஒரே ஒப்பந்தத்தில் மூன்று வேலை சேர்ந்து வந்திருக்கிறது. ஐஎஃப்ஆர்எஸ் 15 படிதான் கணக்கு வைக்கிறோம். கீழே எல்லாத் தொகையும் ஆயிரத்தில், வரி சேர்க்காமல்.

பேக்கிங் இயந்திரம் ஒன்று. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது: இயந்திரம் 1,110, நிறுவல் 60, மொத்தம் 1,170. அதற்குக் கீழே ஒரு வரி, "வாரண்டி முடிந்த பின் 24 மாதப் பராமரிப்பு இலவசம்". வாரண்டி, இயக்கி ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம்.

பணம் வரும் வழி: இயந்திரம் போய்ச் சேர்ந்ததும் 70%, நிறுவி இயக்கிக் காட்டியதும் 20%, கடைசி 10% வாரண்டி முடிந்ததும்.

இயந்திரம் நவம்பர் 10 அன்று போய்ச் சேர்ந்துவிட்டது. டிசம்பரில் நிறுவல் தொடங்கியது, ஜனவரி 20 அன்று முடியும். எங்கள் ஆண்டு முடிவு டிசம்பர் 31. விற்பனைப் பிரிவு நவம்பரிலேயே 1,110 முழுவதையும் காட்டச் சொல்கிறது. என் மேலாளரோ, இயக்கிக் காட்டும்வரை ஒரு பைசாகூடக் காட்டக்கூடாது என்கிறார். எது சரி?

கணக்கன்

இரண்டுமே சரியில்லை. இலவசம் என்று எழுதினாலும் அது இலவசம் ஆகாது. வாடிக்கையாளர் கொடுக்கிற 1,170-க்குள்ளேயே பராமரிப்பின் விலையும் இருக்கிறது. அதைப் பிரித்து வைக்க வேண்டும்.

வழி சுலபம். பராமரிப்பைத் தனியாக விற்றால் என்ன வாங்குவீர்கள்? ஆண்டுக்கு 100 என்றால் இரண்டு ஆண்டுக்கு 200. 1,170-ல் 200 போக மீதி 970. அதை இயந்திரத்துக்கும் நிறுவலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 200-ஐ 24 மாதத்தில் பிரித்துக் காட்டுங்கள். முடிந்தது.

ஐந்தொகை

கணக்கன் சொன்னதில் முதல் பாதி மிகச் சரி. பராமரிப்பு தனிக் கடப்பாடு, அதற்கு விலையில் பங்கு உண்டு. இரண்டாம் பாதியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பராமரிப்பை முழு விலைக்கு வைத்துவிட்டு மிச்சத்தை மற்றவற்றுக்குக் கொடுத்தால், தள்ளுபடி முழுவதையும் இயந்திரத்தின் தலையிலும் நிறுவலின் தலையிலும் ஏற்றியதாகிவிடும். மூன்றையும் சேர்த்து வாங்கியதால் கிடைத்த தள்ளுபடி மூன்றுக்கும் சேர வேண்டியது. குறிப்பிட்ட ஒரு பகுதிக்குத்தான் அந்தத் தள்ளுபடி என்று காட்டப் பத்தி 82-ல் நிபந்தனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வழக்கமாகத் தனியே விற்க வேண்டும்; அவற்றில் சிலவற்றைச் சேர்த்து ஒரு தொகுப்பாகவும் வழக்கமாகத் தள்ளுபடியில் விற்க வேண்டும்; அந்தத் தொகுப்பின் தள்ளுபடி இந்த ஒப்பந்தத்தின் தள்ளுபடியோடு பெருமளவு ஒத்துப்போக வேண்டும். மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் அந்த வழி. முகில் எழுதியதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

முகில், மூன்று விவரம் வேண்டும். இயந்திரத்தை மட்டும் விற்றால் என்ன விலை, நிறுவலை மட்டும் செய்து கொடுத்தால் என்ன விலை, பராமரிப்புக்கு என்ன விலை? விலைப்பட்டியலில் உள்ளது வேண்டாம். வாங்கியவர்கள் உண்மையில் கொடுத்த விலையைச் சொல்லுங்கள்.

முகில்

இயந்திரம் மட்டும் 1,000. நிறுவலை வெளியாட்களும் செய்கிறார்கள், நாங்கள் தனியாகச் செய்தால் 100. பராமரிப்பு விலைப்பட்டியலில் ஆண்டுக்கு 150. ஆனால் புதுப்பித்தவர்கள் கொடுத்தது 90-லிருந்து 110-க்குள்தான், பெரும்பாலும் 100.

ஐந்தொகை

அப்படியானால் 1,000, 100, 200. கூட்டினால் 1,300. ஒப்பந்த விலை 1,170, அதாவது சரியாக 90%. இயந்திரத்துக்கு 900, நிறுவலுக்கு 90, பராமரிப்புக்கு 180.

ஒப்பந்தத்தில் எழுதிய 1,110, 60, 0 என்பது இன்வாய்ஸ் போடுவதற்கான பிரிவு மட்டுமே. வருவாய்க்கு அது எந்த வகையிலும் கட்டுப்பாடு ஆகாது. விற்பனைப் பிரிவு சொன்னபடி செய்தால் நவம்பரில் 210 அதிகமாகக் காட்டியிருப்பீர்கள். அந்த 210-ல் 180 பராமரிப்பின் பங்கு, 30 நிறுவலின் பங்கு.

இந்தத் தவறு பின்னால் எங்கே வெளிப்படும் தெரியுமா? பராமரிப்பு தொடங்கிய மாதங்களில் பொறியாளர் சம்பளமும் உதிரிபாகச் செலவும் வந்துகொண்டே இருக்கும், எதிரில் வருவாய் பூஜ்யம். சேவைப் பிரிவு நட்டத்தில் ஓடுவதுபோல் அறிக்கையில் தெரியும். அந்த நட்டத்தைப் பார்த்ததும் சேவைப் பிரிவைக் குறை சொல்லாமல், பழைய ஒப்பந்தங்களில் "இலவசம்" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

விலைப்பட்டியலில் இருக்கும் 150-ஐ எடுத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பாருங்கள். மொத்தம் 1,400 ஆகும், பராமரிப்புக்கு ஏறக்குறைய 251 போகும், இயந்திரத்துக்கு 836தான் மிஞ்சும். யாரும் கொடுக்காத விலையை அடிப்படையாக வைத்ததால் இயந்திரத்தின் வருவாயில் 64-ஐ இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போட்டதாகிவிடும்.

கணக்கன்

சரி, தள்ளுபடி விஷயத்தில் என் கணக்கு தவறு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகிலின் மேலாளர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறதே? இயக்கிக் காட்டி ஏற்புச் சான்றில் கையெழுத்து வாங்கும்வரை வாடிக்கையாளர் மறுக்கலாம் அல்லவா? ஏற்பு ஷரத்து இருந்தால் ஏற்புக்கு முன் வருவாய் கிடையாது என்றுதான் எனக்குத் தெரியும்.

தராசு

தணிக்கைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஏற்பு ஷரத்து இருக்கிறதா என்று மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. ஏற்புக்கு முன்பே, ஒப்பந்தத்தில் சொன்ன தரத்தில் இயந்திரம் இருக்கிறது என்று யார் அளந்தாலும் ஒரே விடை தரும் அளவுகோலால் நிரூபிக்க முடியுமா என்று பார்ப்போம். முடியுமானால் ஏற்புக் கையெழுத்து ஒரு சடங்குதான், கட்டுப்பாடு எப்போது கைமாறியது என்பதை அது தள்ளிப்போடாது. முடியாது என்றால் மேலாளர் சொன்னதுதான் சரி.

முகில், ஷரத்தில் உள்ள வாசகத்தை அப்படியே போடுங்கள். அனுப்பும் முன் உங்கள் தொழிற்கூடத்தில் சோதனை நடந்ததா என்றும் சொல்லுங்கள்.

முகில்

ஷரத்து: "நிமிடத்துக்கு 60 பாக்கெட், கழிவு 1%-க்கு மேல் போகக்கூடாது, தொடர்ந்து 8 மணி நேரம்." அனுப்பும் முன் வாடிக்கையாளரின் ஆள் வந்து, அவர்கள் கொண்டுவந்த ஃபிலிமிலேயே இதே அளவில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இயந்திரத்தின் உரிமை, சேதப் பொறுப்பு இரண்டும் அவர்கள் இடத்தில் இறக்கியதும் அவர்களுக்குப் போகிறது. 70% பணத்தைத் திருப்பிக் கேட்க ஒப்பந்தத்தில் வழியில்லை.

தராசு

இது வலுவான ஆதாரம். அளவுகோல் எண்ணில் இருக்கிறது, அதே ஃபிலிம், அதே வேகம், வாடிக்கையாளர் முன்னிலையில் சோதனை. இந்த மாதிரி இயந்திரம் முன்பு விற்ற இடங்களில் ஏற்பு மறுக்கப்பட்டதே இல்லை என்ற பதிவையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். நவம்பர் 10 அன்று இயந்திரத்தின் கட்டுப்பாடு கைமாறியது என்று நான் ஏற்றுக்கொள்வேன்.

இதே ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் மாறியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். உதாரணமாக, "வாடிக்கையாளரின் உற்பத்தி வரிசையில் மற்ற இயந்திரங்களோடு இணைந்து ஓட வேண்டும்" என்று இருந்தால், உங்கள் தொழிற்கூடச் சோதனை எதையும் நிரூபிக்காது. அப்போது 900 ஜனவரிக்குப் போகும். அதுவரை வாங்கிய 819 முழுவதும் டிசம்பர் 31 அன்று ஒப்பந்தப் பொறுப்பாக நிற்கும்.

அதோடு நிற்காது. நிறுவலைக் காலப்போக்கில் காட்டுவதற்குக் காரணமே, வாடிக்கையாளர் கையில் இருக்கும் சொத்தை நாம் மேம்படுத்துகிறோம் என்பதுதான். இயந்திரம் இன்னும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு நிறுவல் வருவாயை மட்டும் டிசம்பரில் காட்ட முடியாது. அந்தக் காரணம் அங்கேயே விழுந்துவிடும். இயந்திரமும் நிறுவலும் உண்மையில் இரண்டா, ஒன்றா என்ற கேள்வியும் மறுபடி எழும்.

கயல்

எங்களுக்கும் இதே பிரச்சினை. மென்பொருள் லைசென்ஸ், அதை அமைத்துக் கொடுப்பது, ஒரு வருட உதவி மூன்றையும் சேர்த்து விற்கிறோம். லைசென்ஸ் விலை ஆளுக்கு ஆள் மாறும், 200-க்கும் கொடுத்திருக்கிறோம், 900-க்கும் கொடுத்திருக்கிறோம். அதனால் உதவி, அமைப்பு இரண்டின் விலையைக் கழித்துவிட்டு மிச்சத்தை லைசென்ஸுக்கு வைக்கிறோம். கணக்கன் முதலில் சொன்னதும் அதுதானே? முகிலும் அதையே செய்யலாமே?

ஐந்தொகை

கயல், உங்கள் கேள்வி வேறு, முகிலின் கேள்வி வேறு. மிச்சத்தைக் கொடுக்கும் முறைக்கு வாசல் மிகக் குறுகல். அந்தப் பொருளை ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெவ்வேறு ஆட்களுக்கு வெகுவாக மாறும் விலையில் விற்றிருக்க வேண்டும், அல்லது அதை இதுவரை தனியாக விற்றதே இல்லாமல், விலையும் நிர்ணயிக்காமல் இருக்க வேண்டும். உங்கள் 200 முதல் 900 என்பது முதல் வகையில் வரலாம். முகிலின் இயந்திரத்துக்கு 1,000 என்று நிலையான விலை இருக்கிறது, அதனால் அவருக்கு அந்த வழியே இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். மிச்சமாக லைசென்ஸுக்குப் பூஜ்யமோ மிகச் சிறு தொகையோ வந்தால் அந்த முறையை நம்பாதீர்கள். மற்ற இரண்டின் விலையை எங்கோ அதிகமாக எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மென்பொருள் உங்கள் சர்வரிலேயே ஓடுகிறதென்றால் விற்பது லைசென்ஸா சேவையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அதைத் தனி இழையில் கேளுங்கள், இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும்.

முகில்

கயலின் கேள்வியிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் இன்னொரு வகை இயந்திரத்துக்குப் பராமரிப்பை இதுவரை தனியாக விற்றதே இல்லை. அதற்குத் தனி விலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்தொகை

ஆகும் செலவோடு நியாயமான லாபத்தைச் சேர்த்துப் போடுங்கள். இங்கே ஒரு சின்ன இடத்தில்தான் தொடர்ந்து தவறு நடக்கிறது, அதை மட்டும் காட்டுகிறேன்.

ஆண்டுக்கு 4 முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் 3 ஆள்-நாள் என்று வைப்போம். 12 ஆள்-நாள், நாளுக்கு 2.5 வீதம் 30. உதிரிபாகம் 25. அவசர அழைப்புகளுக்கு 10. மொத்தச் செலவு 65. சேவை வேலையில் உங்கள் லாப வீதம் விற்பனை விலையில் 35% என்றால், 65-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும். 100 வரும். அவசரத்தில் 65-ஐ 1.35-ஆல் பெருக்கிவிடுவார்கள், 87.75 வரும். விலையின் மேல் 35% என்பதும் செலவின் மேல் 35% என்பதும் ஒன்றல்ல. லாப வீதத்தை எந்த அறிக்கையிலிருந்து எடுத்தீர்களோ, அது எதன் மேல் கணக்கிட்டது என்று பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

எந்த லாப வீதம் என்பதும் முக்கியம். இயந்திர விற்பனையின் வீதத்தைக் கொண்டுவந்து சேவைக்குப் போடக்கூடாது. அதே மாதிரி சேவைக்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய லாபம் எதுவோ அதுதான்.

தராசு

ஒரு இடைக்கேள்வி. முதல் 12 மாத வாரண்டியில் நீங்கள் என்ன செய்வீர்கள், முகில்? பழுதானால் சரிசெய்வது மட்டுமா, அல்லது அட்டவணை போட்டுப் போய் எண்ணெய் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது போன்ற வேலையும் உண்டா?

முகில்

தயாரிப்புக் குறை வந்தால் சரிசெய்வோம், அவ்வளவுதான். அட்டவணைப் பராமரிப்பு 13-ஆம் மாதத்திலிருந்து.

தராசு

நல்லது. அப்போது வாரண்டிக்கு வருவாயில் பங்கு வேண்டாம், ஐஏஎஸ் 37 படி ஒதுக்கீடு போதும். அட்டவணை வருகைகள் முதல் ஆண்டிலும் இருந்திருந்தால், அவை தனிச் சேவை. 1,170-ஐ நான்காகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

முகில்

இப்போது பதிவுகளைச் சரிபார்த்துக் கொடுத்தால் பேருதவி. டிசம்பர் 31 வரை நிறுவலில் 160 மணி நேரம் ஆகியிருக்கிறது, மொத்த மதிப்பீடு 400.

ஐந்தொகை

முதலில் அந்த 160-ஐப் பிரித்துப் பாருங்கள். தவறாக இணைத்ததைக் கழற்றி மறுபடி போட்ட நேரம் அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். வீணான உழைப்பு முன்னேற்றம் ஆகாது. அதன் செலவு அந்த மாதத்திலேயே செலவாகப் போகும், ஆனால் முடிந்த வேலை எவ்வளவு என்ற கணக்கில் அதற்கு இடமில்லை.

160 சுத்தமான நேரம் என்றே வைத்துக்கொள்வோம். 40%.

நவம்பர் 10: இயந்திர வருவாய் 900. அன்று கேட்கும் உரிமை உள்ள பணம் 819, அது வரவேண்டிய கணக்கில். மீதி 81 ஒப்பந்தச் சொத்து. அதை ஏன் வரவேண்டியதில் சேர்க்கவில்லை? அந்த 81 வருவதற்கு நாள் கடந்தால் மட்டும் போதாது, நிறுவலை முடித்தாக வேண்டும். நிபந்தனை இருக்கும்வரை அது ஒப்பந்தச் சொத்துதான்.

டிசம்பர் 31: நிறுவல் வருவாய் 90-ல் 40%, அதாவது 36. ஒப்பந்தச் சொத்து 117 ஆகும். ஆண்டின் மொத்த வருவாய் 936.

ஜனவரி 20: நிறுவலின் மீதி 54. இதுவரை காட்டிய வருவாய் 990. இன்வாய்ஸ் 819-உம் 234-உம் சேர்ந்து 1,053. ஒப்பந்தச் சொத்து இங்கே புரண்டு, 63 ஒப்பந்தப் பொறுப்பாக மாறுகிறது. ஒரே ஒப்பந்தத்துக்கு ஒரு பக்கம் சொத்து, இன்னொரு பக்கம் பொறுப்பு என்று இரண்டையும் காட்டக்கூடாது. நிகரமாக ஒன்றுதான்.

வாரண்டி முடிந்ததும்: கடைசி 117 வரவேண்டியதாகிறது, ஒப்பந்தப் பொறுப்பு 63-லிருந்து 180 ஆகிறது.

இந்த 180-ஐக் கவனியுங்கள். பராமரிப்புக்கு நாம் பிரித்து வைத்த தொகை அதேதான். எல்லாப் பணத்துக்கும் உரிமை வந்துவிட்டது, பராமரிப்பு மட்டும் பாக்கி. அன்று பேரேட்டில் இருக்கும் பொறுப்பு, பாக்கி வேலையின் பங்குக்குச் சமமாக இல்லை என்றால் முன்னால் எங்கோ பதிவு தவறியிருக்கிறது. அதன்பின் மாதம் 7.5 வீதம் 24 மாதம்.

தாளில் பிரிக்க, B1-ல் ஒப்பந்த விலை, C3 முதல் C5 வரை தனி விலைகள் என்று வைத்தால்:

```
D3: =ROUND($B$1*C3/SUM($C$3:$C$5),2)
D4: =ROUND($B$1*C4/SUM($C$3:$C$5),2)
D5: =$B$1-SUM(D3:D4)
```

கடைசி வரியைக் கழித்து எடுப்பது பைசா வித்தியாசம் தங்காமல் இருக்க மட்டும். C நிரலை ஒப்பந்தம் தொடங்கிய நாளோடு பூட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு பராமரிப்பு விலை 120 ஆனாலும் இந்த ஒப்பந்தத்தின் பங்கீடு மாறாது.

கணக்கன்

கடைசி 10% ஒரு வருடம் கழித்துத்தானே வருகிறது? அதற்கு வட்டிக் கூறு பிரிக்க வேண்டாமா?

தராசு

வேலை ஒழுங்காக முடியும் என்பதற்குப் பிடிமானமாகத்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கடன் கொடுப்பதற்காக இல்லை என்னும்போது வட்டி பிரிக்க வேண்டாம். 10% என்பது அந்த நோக்கத்துக்குப் பொருந்தும் அளவுதான். 40% பிடித்து வைத்திருந்தால் நான் வேறு மாதிரிக் கேட்பேன்.

மறுபக்கத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பராமரிப்புக்கான பணம் வேலைக்கு முன்பே வருகிறது. இங்கே தொகை சிறியது, ஒப்பந்த அளவில் பார்த்தால் பெரிதாக நிற்காது. ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கு முன்பணம் வாங்கினால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முகில்

மிக்க நன்றி. இன்னொரு விஷயம் இப்போதுதான் தெரிந்தது. ஜனவரி 20-க்குள் முடிக்காவிட்டால் வாரத்துக்கு ஒப்பந்த விலையில் 0.5% அபராதம், உச்சம் 5%. டிசம்பர் கடைசியிலேயே தளப் பொறியாளர் இரண்டு வாரம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார். கணக்குப் பிரிவில் இதை ஜனவரி செலவாகப் போடலாம் என்கிறார்கள்.

ஐந்தொகை

செலவு இல்லை, விலைக் குறைப்பு. வாடிக்கையாளருக்குத் தருகிற அபராதத்துக்கு எதிராக நமக்கு எந்தப் பொருளும் சேவையும் கிடைக்கவில்லை, அதனால் அது வருவாயிலிருந்து கழியும். டிசம்பர் 31 அன்றே தாமதம் தெரிந்திருப்பதால் ஜனவரிக்குத் தள்ளவும் முடியாது.

இரண்டு வாரம் என்றால் 1%, 11.7. ஆரம்பத்தில் பிரித்த அதே விகிதத்தில் பிரித்தால் இயந்திரத்தில் 9, நிறுவலில் 0.9, பராமரிப்பில் 1.8 குறையும். இயந்திரம் ஏற்கெனவே காட்டியாகிவிட்டது, அதனால் 9 இந்த ஆண்டிலேயே முழுதாகக் கழியும். நிறுவல் 89.1-ல் 40% 35.64. ஆண்டு வருவாய் 936 என்பது 926.64 ஆகிறது. பராமரிப்பு இனி 178.2, மாதம் 7.425.

தாமதத்தால் மொத்த மணி நேர மதிப்பீடும் 400-லிருந்து ஏறுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். ஏறினால் 40%-உம் மாறும்.

தராசு

இங்கே நான் ஐந்தொகையோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். அபராதம் எதற்கு? நிறுவல் தாமதத்துக்கு. இயந்திரம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பராமரிப்பு இன்னும் தொடங்கவே இல்லை. மாறும் தொகையின் விதிமுறை ஒரு கடப்பாட்டை நிறைவேற்றும் முயற்சியோடு மட்டும் தொடர்புடையது என்றால் அதை அங்கேயே சேர்க்கச் சொல்கிறது பத்தி 85. அப்படியானால் நிறுவல் 90-லிருந்து 78.3 ஆகும், டிசம்பர் வரை அதில் 40% 31.32. ஆண்டு வருவாய் 931.32.

ஐந்தொகை

அந்தப் பத்திக்கு இரண்டாவது நிபந்தனையும் உண்டு. முழுவதையும் ஒன்றுக்கே கொடுத்த பின்னும் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு நியாயமாக இருக்க வேண்டும். இந்த அபராதம் நிறுவல் விலையின் மேல் கணக்கிட்டதல்ல, 1,170-ன் மேல் கணக்கிட்டது. உச்ச அபராதம் 58.5 வந்தால் 100 பெறும் நிறுவலுக்கு 31.5தான் மிஞ்சும். அதை நியாயமான பங்கு என்று எப்படிச் சொல்வது? வாடிக்கையாளர் அபராதம் கேட்பது முழு இயந்திரத்தையும் பயன்படுத்த முடியாமல் போனதற்காக என்று நான் படிக்கிறேன்.

தராசு

58.5 வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லையே. 11.7 மட்டும் கழிந்து வரும் 78.3 என்பது 100-க்குப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஏற்க முடியாத தூரமும் இல்லை. இரண்டு வாசிப்பையும் ஏற்கும் தணிக்கையாளர்கள் உண்டு. முகில், எதை எடுத்தாலும் ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள், இதே ஷரத்து உள்ள எல்லா ஒப்பந்தத்துக்கும் அதையே பின்பற்றுங்கள். இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு இன்னொன்று என்றால்தான் எங்களுக்கு ஏற்க முடியாது.

கணக்கன்

ஒப்பந்தம் நடுவில் மாறினால் என்ன? எங்களிடம் இதே மாதிரி ஒன்று, பராமரிப்பின் தனி விலையும் அதே 90 முதல் 110 வரைதான். பராமரிப்பு ஒரு வருடம் ஓடியபின், மூன்றாவது ஆண்டையும் 70-க்குச் சேர்த்துக்கொடுங்கள் என்கிறார்கள். புது ஒப்பந்தமாக வைத்துக்கொண்டேன். பழையது மாதம் 7.5, புதிய ஆண்டு மாதம் 5.83. சரியா?

ஐந்தொகை

முகிலின் எண்ணையே வைத்து, அபராதத்தை விட்டுவிட்டுப் பார்ப்போம். கூடுதல் ஆண்டு தனித்த சேவை, அது பொருந்துகிறது. ஆனால் தனி ஒப்பந்தமாக வைக்க, விலையும் தனி விலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சந்தை 90 முதல் 110 என்கிறபோது 70 ஏற்றதல்ல. அதனால் பழையதை முடித்துப் புதிதாகத் தொடங்கியதாக வைத்து, பாக்கி 90-உம் புதிய 70-உம் சேர்ந்த 160-ஐ மீதி 24 மாதத்தில் பிரியுங்கள். மாதம் 6.67. காட்டி முடித்த வருவாயைத் தொட வேண்டாம்.

கணக்கன்

ஆனால் பழைய வாடிக்கையாளர் என்பதால் விற்பனைச் செலவே இல்லை, இயந்திரத்தின் நிலையும் எங்களுக்குத் தெரியும். அந்தச் சலுகைக்காக விலையைக் குறைத்தால் அது தனி விலைக்கு ஏற்றது என்று சொல்ல விதியில் இடம் இருக்கிறதே?

தராசு

இடம் இருக்கிறது. ஆனால் குறைத்தது 30. விற்பனைக் கமிஷன், தளம் பார்க்கும் செலவு என்று நீங்கள் மிச்சப்படுத்தியது எவ்வளவு என்று எண்ணில் காட்டுங்கள். 10 வந்தால் அது 30-ஐ விளக்காது. உங்களுடைய 90 முதல் 110 என்ற வரம்பே பழைய வாடிக்கையாளர்கள் புதுப்பித்த விலைதான் என்றால், அந்தச் சலுகை ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது, இரண்டாம் முறை கழிக்க முடியாது. அந்த வரம்பை எந்த ஒப்பந்தங்களிலிருந்து எடுத்தீர்கள்?

கணக்கன்

புதுப்பித்ததும் புதியதும் கலந்துதான் எடுத்தோம். பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துவிட்டு எண்ணோடு வருகிறேன்.